பதினெட்டாம் நாளுக்கு ஒரு விமான டிக்கெட்

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2022 செப்டம்பரில், ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில். அவர் சிங்கப்பூரில் எஸ் பாஸ் என்கிற அனுமதியில் வேலை பார்க்கிறார். எஸ் பாஸில் இருப்பவர் மனைவியை அழைத்து வைத்துக்கொள்ள வேண்டுமானால் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியாவது இருக்க வேண்டும். அவருக்கு அவ்வளவு இல்லை. நான் துறையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதனால் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இருக்கிற நாலு மணி நேரச் சொச்ச விமானப் பயணம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை என்று ஆனது. வருஷத்துக்கு 14 நாள் லீவு. அதை மூன்றாக, நாலாக உடைத்து, அந்த ஊர்ப் பொது விடுமுறையோடு சேர்த்து வருவார்.

2024 ஏப்ரலில் திருச்சி தில்லை நகரில் ஒரு பெண் டாக்டரைப் பார்க்கப் போனேன். கூடவே அத்தையும் வந்திருந்தார்கள். "கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சும்மா, இன்னும் ஒண்ணும் தங்கல" என்று நான் வாய் திறப்பதற்குள் அத்தையே சொல்லிவிட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "ஒன்றரை வருஷம் இருக்கட்டும். அதில் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தது எத்தனை நாள்? அந்த நாட்கள் உங்க பீரியட்ஸ்ல இருந்து எத்தனையாவது நாள்? எழுதிட்டு வாங்க" என்றார். மருந்து ஒன்றும் எழுதவில்லை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் மட்டும்தான்.

நல்லவேளையாக, சமையலறைக் காலண்டரில் பீரியட்ஸ் வந்த தேதியைச் சிவப்புப் பேனாவால் சுழிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பழைய காலண்டர்களை எடுத்து, அவர் பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரைத் தேதிகளைப் போனில் கேட்டு, பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். கல்யாணம் முடிந்து 18 நாள் இருந்தார். அது ஒரு முழு வாய்ப்பு. 2023 பொங்கலுக்கு வந்தது எனக்குப் பன்னிரண்டாம் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை. ஜூன் மாதம் வந்தபோது இருபத்தைந்தாம் நாளைத் தாண்டியிருந்தது. அந்த வருஷ தீபாவளிக்கு வந்தார், மறுநாளே எனக்குத் தலைக்குக் குளிக்க வேண்டியதாகிவிட்டது. 2024 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வந்தது இருபத்துநாலாம் நாளில்.

ஊரும் உறவும் பத்தொன்பது மாதம் என்று எண்ணிக்கொண்டிருந்தது. காகிதத்தில் பார்த்தால் நாங்கள் உண்மையில் முயன்றது ஒன்று, அதிகம் போனால் ஒன்றரை மாதம். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ராத்திரி ரொம்ப நேரம் அழுதேன். துக்கத்தால் மட்டும் இல்லை. இத்தனை நாளும் என் உடம்பில் ஏதோ கோளாறு என்று நானே முடிவு கட்டிவைத்திருந்தது கரைந்ததாலும்தான்.

பொதுவாக 35 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு வருஷம் முயன்றும் தங்கவில்லை என்றால் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். 35க்கு மேல் என்றால் ஆறு மாதம். அந்தக் கணக்கு சேர்ந்து வாழ்கிறவர்களுக்கானது. பிரிந்து வாழ்கிறவர்கள் டாக்டரிடம் போகும்போது கல்யாண நாளைச் சொல்வதைவிட, சரியான நாட்களில் சேர்ந்திருந்த மாதங்கள் எத்தனை என்று எழுதிக்கொண்டு போனால், தேவையில்லாத மாத்திரைகளிலிருந்து தப்பிக்கலாம். வயது கூடுதலாக இருந்தாலோ, பீரியட்ஸ் ஒழுங்கில்லாமல் வந்தாலோ மட்டும் காத்திருக்காமல் முதலிலேயே சோதித்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் கிடைக்கிற கொஞ்ச சந்திப்புகளும் வீணாகும்.

அந்தப் பொங்கல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் அப்போது சரியான நாளில்தான் சந்தித்தோம் என்று நம்பியிருந்தோம். பதினாலாம் நாள் முட்டை வெடிக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், போனில் இருந்த ஆப்பும் அதைத்தான் காட்டியது. பதினாலாம் நாள் என்பது 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு. எனக்கு 30 முதல் 33 நாள். முட்டை வெளியானதற்கும் அடுத்த பீரியட்ஸுக்கும் நடுவில் உள்ள பின்பாதிதான் ஒவ்வொருவருக்கும் பெரும்பாலும் மாறாமல் இருக்கும், ஏறக்குறைய இரண்டு வாரம். கூடுவதும் குறைவதும் முன்பாதி. எனவே எனக்கு முட்டை வெளியாவது பதினேழிலிருந்து இருபதாம் நாளுக்குள். பதினாறாம் நாள் காலையில் அவரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்றால், கதவு திறக்கிற நேரத்தில் கிளம்பிப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு பெண் உடம்புக்குள், அந்த நாட்களில் சுரக்கிற வழுவழுப்பான திரவம் இருந்தால், ஐந்து நாள் வரைகூடத் தாங்கும். இரண்டையும் சேர்த்தால் முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளுமாக ஆறு நாள்தான் கணக்கு. அதிலும் கடைசி மூன்று நாள்தான் நிஜமாகவே நல்ல வாய்ப்புள்ளவை. வெளியான மறுநாள் வந்து இறங்கினால் ஒரு வாரம் தங்கினாலும் பிரயோஜனம் இல்லை. அதனால் தூரத்தில் இருக்கிறவர் ஒருநாள் முன்னதாக வருவதில் தப்பில்லை, ஒருநாள் தாமதமாக வரக் கூடாது. இது எங்கள் வீட்டில் சட்டம்போல ஆகிவிட்டது.

சரி, நம் நாளை நாமே எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த மூன்று மாதம் அவர் வருகிற திட்டமே இல்லை. அதை வீண் மாதங்களாக விடாமல் என் உடம்பைப் படிக்கிற மாதங்களாக வைத்துக்கொண்டேன். காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன்பே, நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர். 97.3, 97.4 என்று போய்க்கொண்டிருக்கும். முட்டை வெளியான பிறகு 97.8, 97.9 என்று ஏறி, பீரியட்ஸ் வரும்வரை மேலேயே நிற்கும். முந்தைய ஆறு நாளைவிட உயர்ந்த வெப்பம் மூன்று நாள் தொடர்ந்தால் முட்டை வெளியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தூங்காத ராத்திரி, காய்ச்சல் இரண்டும் இந்தக் கணக்கைக் கெடுக்கும், அந்த நாட்களை ஒதுக்கிவிடணும்.

கூடவே மருந்துக்கடையில் கிடைக்கிற ஓவுலேஷன் கிட். சிறுநீரில் எல்.எச். என்ற ஹார்மோன் திடீரென ஏறுவதை அது காட்டும். ஏறத் தொடங்கியதிலிருந்து ஒன்று, ஒன்றரை நாளில் முட்டை வெளியாகும். இதில் முதல் மாதம் நான் ஏமாந்தேன். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலே பாசிட்டிவ். இதில் அப்படி இல்லை. இரண்டாவது கோடு எல்லா நாளிலும் மங்கலாக இருக்கத்தான் செய்யும், பக்கத்துக் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ அழுத்தமாக வந்தால்தான் பாசிட்டிவ். மத்தியானம் அல்லது சாயங்காலம், இரண்டு மணி நேரம் அதிகம் தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்ப்பேன். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை என்கிற பி.சி.ஓ.எஸ். இருக்கிற என் சித்தி மகளுக்கு இது பல நாள் தொடர்ந்து அழுத்தமாகவே காட்டியது. அவர்களுக்கு எல்.எச். எப்போதும் சற்று உயர்ந்திருக்கலாம் என்பதால் கிட்டை நம்பி டிக்கெட் போட முடியாது, ஸ்கேன்தான் சரி.

மூன்று மாதத்தில் கிடைத்தது இதுதான்: பதினெட்டு, பத்தொன்பது, பத்தொன்பது. ஒவ்வொரு முறையும் வெப்பம் ஏறி நின்றது பதின்மூன்று நாள். அந்தப் பதின்மூன்றுதான் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து.

ஏனென்றால் எங்கள் உண்மையான சிக்கல் டிக்கெட். கிட் பாசிட்டிவ் காட்டிய பிறகு போன் பண்ணி "இன்றைக்குக் கிளம்பி வாருங்கள்" என்று சொல்ல முடியாது. லீவை மூன்று வாரத்துக்கு முன்னால் எழுதித் தரணும். டிக்கெட் விலையும் நாள் நெருங்க நெருங்க ஏறும். அப்படியென்றால் இன்னும் வராத பீரியட்ஸிலிருந்து பதினெட்டாம் நாளைக் கணக்குப் போட வேண்டும். இந்த மாதம் இரண்டு நாள் தள்ளி, அடுத்த மாதம் இரண்டு நாள் தள்ளி என்று பிழை சேர்ந்துகொண்டே போகும்.

டாக்டர் சொன்ன யோசனை எளிமையானது. பீரியட்ஸ் வந்த நாளில் டிக்கெட் போடாதே, வெப்பம் ஏறி மூன்று நாள் ஆனபின் போடு. முன்பாதியில் நடக்கிற ஏற்ற இறக்கம் அப்போது முடிந்துவிட்டிருக்கும். அங்கிருந்து அடுத்த பீரியட்ஸ் எனக்குப் பதின்மூன்று நாள் தாண்டி வரும் என்பது கிட்டத்தட்ட உறுதி. மிச்சம் இருப்பது அடுத்த மாத முன்பாதியின் பிழை மட்டும்.

2024 ஆகஸ்டில் அதைச் செய்து பார்த்தோம். ஜூன் 23 எனக்கு முதல் நாள். ஜூலை 11 முட்டை வெளியானது. ஜூலை 14 காலையில் மூன்றாவது நாளாக வெப்பம் மேலே இருந்தது. அப்படியானால் அடுத்த முதல் நாள் ஜூலை 25. அதிலிருந்து பதினேழு முதல் இருபதாம் நாள் என்பது ஆகஸ்ட் 10 முதல் 13. அதற்கு இரண்டு நாள் முன்னதாக வந்து இறங்க வேண்டும். ஆகஸ்ட் 9 வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் தேசிய தினம், விடுமுறை. 8ஆம் தேதி ராத்திரி விமானம், 14ஆம் தேதி காலை திரும்புவது, லீவு திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள். அன்றைக்கே டிக்கெட் போட்டோம். ஜூலை 25 சொன்னபடியே வந்தது. அந்த மாதம் அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், வாழ்க்கையில் முதல்முறையாக.

வருவதற்கு முன்பே அவர் பக்கத்தில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று விந்துப் பரிசோதனை. அதற்கு இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்து சாம்பிள் தர வேண்டும். ஊருக்கு வந்து பார்க்கலாம் என்று விட்டால், கிடைக்கிற ஆறு நாளில் இரண்டு நாள் அதற்கே போய்விடும். ஜூன் மாதமே அங்கேயே கொடுத்துவிட்டார், சரியாக இருந்தது. குறை ஏதாவது தெரிந்து சிகரெட், சூடான இடத்தில் வேலை, உடல் எடை என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தாலும் புது விந்தணு உருவாகி வர இரண்டரை மூன்று மாதம் ஆகும். அதனால் இதைச் சந்திப்புக்கு முன்னதாகவே முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் அடக்கி வைத்துக்கொண்டு வந்தால் பலம் கூடும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பல ஆண்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் ரொம்ப நாள் தேங்கினால் எண்ணிக்கை கூடலாம், ஆனால் பழைய அணுக்களின் ஓட்டம் குறைந்துவிடும். விமானம் ஏறுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஒருமுறை வெளியேற்றிவிட்டு வரச் சொன்னார் டாக்டர். வந்தபின் தினமும் சேர்ந்தாலும் சரி, ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தாலும் சரி, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, எது உங்களுக்கு இயல்போ அதைச் செய்யுங்கள் என்றார்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. வீடுதான் கணக்கில் வரவில்லை. அவர் வந்து இறங்கிய மறுநாளே பெரியப்பா வீடு, அதற்கடுத்த நாள் குலதெய்வம் கோயில், ராத்திரி கூடத்தில் பத்துப் பேர் படுக்கை. எல்லாரும் பாசத்தில்தான் வருகிறார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. எனக்கோ உள்ளுக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 10ஆம் தேதி ராத்திரி அவரால் முடியவில்லை. களைப்பு ஒரு பக்கம், "இன்றைக்கு நடந்தே ஆக வேண்டும்" என்கிற பாரம் ஒரு பக்கம். அவர் முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. வெப்பம் எவ்வளவு, எத்தனையாவது நாள் என்று நான் போனில் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று அப்புறம்தான் புரிந்தது. அடுத்த முறை நாள் கணக்கையெல்லாம் நான் என்னோடு வைத்துக்கொண்டேன். வருகிற தேதி மட்டும் அவருக்குச் சொன்னேன். கிட் பாசிட்டிவ் ஆனது அவருக்குத் தெரியாமலே சில நாள் கழிந்தது, அது இருவருக்குமே நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 12 மத்தியானம் கோடு அழுத்தமாக வந்தது. 9, 11, 12, 13 தேதிகளில் சேர்ந்திருந்தோம். 14ஆம் தேதி அவர் விமானம் ஏறிய காலையில் வெப்பம் ஏறியிருந்தது. இதைவிடச் சரியாக யாராலும் திட்டமிட முடியாது. ஆகஸ்ட் 27 பீரியட்ஸ் வந்துவிட்டது.

அன்றைக்கு நான் பள்ளிக்குப் போகவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டபோது பொறுமையாக விளக்கினார். நாள் பிசகாமல் அமைந்தாலும், குறை ஏதும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் தங்கும் வாய்ப்பு நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான். சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு அந்தச் சீட்டு மாதாமாதம் விழும், நமக்கு வருஷத்தில் மூன்று முறை. ஒருமுறை விழவில்லை என்பதால் திட்டத்தில் பிழை என்று ஆகாது. வருஷத்துக்கு மூன்று சந்திப்பும் சரியாக அமைந்தால்கூட இரண்டு வருஷம் ஆகலாம் என்று அப்போதே எங்கள் மனதைத் தயார் செய்துகொண்டோம்.

அடுத்தது தீபாவளி. 2024இல் அது அக்டோபர் 31. என் கணக்குப்படி அப்போது எனக்கு மூன்றாம் நாள். மாதவிடாயைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை உண்டு, கோயில் திருவிழாவுக்காக நம் ஊரில் நிறையப் பேர் போட்டுக்கொள்வது, நோரெத்திஸ்டிரோன் என்று பெயர். பீரியட்ஸ் வர வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து போட்டால், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும். அதை வைத்து முந்தைய சுற்றைத் தள்ளி, தீபாவளிக்கு ஏற்ற மாதிரி கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். டாக்டர் காலண்டரில் எண்ணிக் காட்டினார். இந்த மாத்திரை தேதியைப் பின்னால் தள்ளுமே தவிர முன்னால் இழுக்காது. நாலைந்து நாள் தள்ள வேண்டியிருந்தால் யோசிக்கலாம், எனக்குப் பதினைந்து நாளுக்கு மேல் தள்ள வேண்டியிருந்தது. அவ்வளவுக்குத் தர மாட்டேன் என்றுவிட்டார். ரத்தக்கட்டு வந்தவர்கள், ஒருவகைத் தலைவலி உள்ளவர்களுக்கெல்லாம் இது ஆகாது, கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை என்றும் எச்சரித்தார்.

ஆக, டிக்கெட்டைத்தான் நகர்த்த வேண்டும். தீபாவளிக்கு வரவில்லை என்று அவர் சொன்னதும் வீட்டில் பெரிய வருத்தம். "வருஷத்துக்கு ஒரு நாள், அதுக்குக்கூட என் மகனுக்கு வர நேரமில்லையா?" என்று அத்தை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு நான் ஒரு முடிவெடுத்து, சமையலறையில் காலண்டரைக் கையில் எடுத்து, சிவப்புச் சுழிகளைக் காட்டி, எந்த நாள் எதற்கு என்று முழுதாகச் சொல்லிவிட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பேனாம்மா?" என்றார்கள். நவம்பரில் அவர் வந்தபோது, வீட்டுக்கு விருந்தாளி வராமல் பார்த்துக்கொண்டது அத்தைதான். கோயிலுக்குக்கூட கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் போனால் போதும் என்றார்கள்.

அக்டோபர் 29 முதல் நாள். இந்தத் தடவை கிட்டோடு ஃபாலிகுலர் ஸ்டடியும் சேர்த்தோம். முட்டை வளர்கிற பையை ஸ்கேனில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளப்பது. நவம்பர் 9ஆம் தேதி 11 மி.மீ., 11ஆம் தேதி 15 மி.மீ. இது ஏறக்குறைய நாளுக்கு 2 மி.மீ. வளரும், 18இலிருந்து 24க்குள் வெடிக்கும். அவர் 13ஆம் தேதி ராத்திரி வந்து இறங்கினார். 14ஆம் தேதி ஸ்கேனில் 21. அன்று மத்தியானம் எச்.சி.ஜி. ஊசி போட்டார்கள், வெடிக்க வைக்கிற ஊசி என்று நம் பக்கம் சொல்வது. போட்டதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். அதாவது 15ஆம் தேதி நள்ளிரவு வாக்கில்.

இந்த ஊசி எல்லாருக்கும் தேவையில்லை. தானாக வெடிக்கிறவர்களுக்கு இதனால் வாய்ப்பு கூடிவிடும் என்று இல்லை. எங்களுக்கு அதனால் கிடைத்தது நிச்சயம். ஒருவேளை இயற்கையாக இருபதாம் நாள் வரை இழுத்திருந்தால் அவர் கிளம்புகிற நாளோடு மோதியிருக்கும். பை வளரும் வேகத்தைப் பார்த்து, அவர் இருக்கும் நாட்களுக்குள் முடித்துவிட அது உதவியது. போதிய அளவு வளராமல் ஊசியைப் போட்டு அவசரப்படுத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 11ஆம் தேதியே போடலாமா என்று நான் கேட்டதற்கு, 15 மி.மீ.யில் போட்டால் பக்குவமாகாத முட்டை என்று மறுத்துவிட்டார்.

அவர் 18ஆம் தேதி கிளம்புவதற்கு முன் டாக்டர் இன்னொன்றும் சொல்லிவைத்தார். இந்த முறையும் இல்லையென்றால், அடுத்து வரும்போது விந்தை உறைய வைத்துச் சேமித்துவிடலாம், பிறகு அவர் இல்லாத மாதங்களிலும் அதைக் கருப்பைக்குள் செலுத்துகிற ஐ.யூ.ஐ. செய்யலாம். உறைந்து உருகியதில் ஓட்டம் கொஞ்சம் குறையும், அதனால் ஒரு மாத வாய்ப்பு குறைவுதான், ஆனால் வருஷத்தில் மூன்று மாதம் என்பது பத்து மாதமாகும். அதற்கான சம்மதக் கடிதத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் ஊரில் இருக்கும்போதே முடிவு செய்யச் சொன்னார்.

ஊசி போட்டிருந்தால் சீக்கிரம் வீட்டில் டெஸ்ட் பண்ணிப் பார்க்கக் கூடாது. ஊசியில் இருப்பதும் கர்ப்பப் பட்டை தேடுவதும் ஒரே ஹார்மோன். பத்துப் பதினாலு நாள் வரை அது உடம்பில் இருந்து பொய்யான கோட்டைக் காட்டலாம். என் தோழி ஒருத்தி எட்டாம் நாள் பார்த்து, இரண்டு கோடு என்று கணவருக்குப் படம் அனுப்பி, அடுத்த வாரம் இருவரும் உடைந்து போனார்கள். நான் நவம்பர் 30 வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்று விடியற்காலையில் இரண்டு கோடு. அவருக்கு வீடியோ கால் போட்டேன், பேச்சு வரவில்லை, பட்டையை மட்டும் காமெராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 6ஆம் தேதி டாக்டர் சீட்டில் 5 வாரம் 3 நாள் என்று எழுதினார். வீட்டுக்கு வந்து அத்தை அதை இரண்டு முறை படித்தார்கள். பிறகு என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, தம்பி வந்துட்டுப் போய் மூணு வாரந்தானே ஆகுது? இதுல அஞ்சு வாரம்னு போட்டிருக்கே?" என்றார்கள். சந்தேகத்தில் கேட்கவில்லை, சீட்டில் தப்பு இருந்து வேறு யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் கேட்டார்கள். ஆனாலும் ஒரு நிமிஷம் எனக்குக் கை கால் ஜில்லென்று ஆகிவிட்டது. தூரத்தில் கணவர் இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் இந்தக் கேள்விக்குப் பதிலை முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். எங்கும் கர்ப்ப வாரத்தைக் கடைசி பீரியட்ஸின் முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள், சேர்ந்த நாளிலிருந்து இல்லை. கரு உருவாவதற்கு முந்தைய இரண்டு வாரமும் அதில் சேர்ந்தே இருக்கும். என்னைப்போலப் பதினெட்டாம் நாளில் முட்டை வெளியாகிறவர்களுக்கு இரண்டரை வாரம். அக்டோபர் 29இலிருந்து எண்ணினால் 5 வாரம் 3 நாள், அவர் வந்த நவம்பர் 13இலிருந்து எண்ணினால் 3 வாரம் 2 நாள், இரண்டும் ஒன்றுதான். மறுபடியும் அதே காலண்டரை எடுத்து அத்தைக்கு விரல் வைத்து எண்ணிக் காட்டினேன். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அக்காவுக்கு அத்தை அதே கணக்கை விளக்கிக்கொண்டிருந்தது எனக்குக் காதில் விழுந்தது.

ஏழு வாரத்தில் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் அளவு 6 வாரம் 3 நாளுக்குத்தான் இருந்தது. ஸ்கேன் எடுத்தவர் வளர்ச்சி கொஞ்சம் கம்மி என்றார். அவரிடம் பழைய ஃபாலிகுலர் ஸ்டடி தாளும் ஊசி போட்ட தேதியும் இல்லை. நான் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். பார்த்துவிட்டு, முட்டை வெளியானதே நாலு நாள் தாமதம், அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று பிரசவத் தேதியை ஆகஸ்ட் 5இலிருந்து ஆகஸ்ட் 9க்கு மாற்றி எழுதினார். அன்று ராத்திரி அவர் போனில் அந்தத் தேதியைக் கேட்டுவிட்டு, அந்த வருஷத்து லீவில் ஒரு நாளைக்கூட அதற்கு முன்னால் தொட மாட்டேன் என்றார்.